கேளாத பாட்டைப் பாடும் கலை
(குயிதோ துறவி முதல் நம் பங்கின் பாடற்குழு வரை ஒரு சிறு வரலாறு)



நம் ஆலயத்தின் யூபிலி மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். ஆலயம் கட்டிய வரலாற்றை மற்றவர்கள் எழுதுகிறார்கள். ஆகவே நான் நம் பாடற்குழுவோடு சம்பந்தப்பட்ட வேறொரு வரலாற்றை எழுதலாம் என்று எண்ணினேன். அதற்குக் காரணமாக அமைந்தது சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய வெள்ளிக்கிழமை நடந்த சம்பவம். அதில் தவறு என்னுடையதே என்பதால் தயக்கமின்றிச் சொல்கிறேன்.

அன்று பிற்பகல் வழிபாடு தொடங்கும் நேரத்தில் மின்சாரம் நின்றது. கீபோர்டு ஊமையாயிற்று. பெரிய வியாழன் மாலை 'உன்னதங்களிலே' பாடி முடித்தபின் பாஸ்கா திருவிழிப்பு வரையில் இசைக்கருவி பாடலைத் தாங்கி நிற்பதற்கு மட்டுமே பயன்படலாம் என்பது திருச்சபையின் ஒழுங்கு. ஆனால் நம் குழுவிலோ கருவி தாங்குவதோடு நிற்கவில்லை. அதுதான் பாட்டையே சொல்லிக் கொடுத்து வந்தது. கையில் நோட்டுத் தாள் இருந்தும் ஆரம்பிக்க ஒருவருக்கும் துணிவில்லை. "சாமி, நீங்க எடுத்துக் கொடுங்க" என்றார்கள். நான் எடுத்துக் கொடுத்த சுருதி மிக உயரம். மூன்றாவது அடியில் பெண்களின் குரல் உடைந்தது, ஆண்கள் நின்றுவிட்டார்கள்.

வழிபாடு முடிந்தபின், சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒரு தம்பி என்னிடம் வந்தார். "சாமி, இந்தத் தாளில் பாட்டு இருக்குதுன்னு சொல்றீங்க. அதைப் பார்த்து எனக்குப் பாட வரலியே. யாராவது பாடிக் காட்டினால்தான் வருது. பயிற்சி நடக்கிற நாளில் எனக்கு ராத்திரி ஷிப்ட் வந்துட்டா அந்த வாரம் நான் வாய் திறக்க முடியாது" என்றார். அந்தக் கேள்வி புதிதன்று. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியை எடுத்துக் கொண்டு வழி கண்டவர் ஒரு துறவி.

பொம்போசா மடத்துத் துறவி

இத்தாலி நாட்டின் கிழக்குக் கடற்கரையை அடுத்த பொம்போசா என்னும் ஊரில் ஒரு பெனடிக்டு சபை மடம் இருந்தது. பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே இளம் பாடகருக்குப் பயிற்சி கொடுத்தவர் குயிதோ. அக்காலத்தில் ஓர் ஆண்டுக்குரிய வழிபாட்டுப் பாடல்கள் அனைத்தையும் கேட்டே மனப்பாடம் செய்ய வேண்டும். ஏட்டில் எழுத்துக்கு மேல் சில கோடுகளும் புள்ளிகளும் இருந்தனவே தவிர, அவை பாட்டை ஏற்கெனவே அறிந்தவருக்கு நினைவூட்டும் குறிகள் மட்டுமே. குரல் ஏறுகிறது, இறங்குகிறது என்று சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. பத்து ஆண்டு உழைத்தும் பாடகர் அரைகுறையாகவே தேர்ந்தார்கள் என்று குயிதோ குறைபட்டு எழுதியிருக்கிறார்.

அவர் முதலில் செய்தது, குறிகளைக் கோடுகளின்மேல் ஏற்றியது. ஒரு கோடு ஒரு சுரம், கோட்டின் இடைவெளி அடுத்த சுரம். இன்னும் தெளிவுக்காக ஒரு குறிப்பிட்ட கோட்டைச் சிவப்பிலும் மற்றொன்றை மஞ்சளிலும் வரைந்தார். வண்ணக் கோடு இரண்டும் அரைச்சுரம் எங்கே வருகிறது என்பதற்கு அடையாளம். குருமடத்தில் நாங்கள் பழைய கிரகோரியன் பாடற்புத்தகத்தில் பார்த்த நான்கு கோடுகளும், அவற்றின் முகப்பில் நிற்கும் 'டோ' அடையாளமும் அந்த வழி வந்தவையே.

இந்தப் புதுமை அவருடைய மடத்தில் சிலருக்குப் பிடிக்கவில்லை. பொறாமைக்கு ஆளாகி அவர் வெளியேறி அரேஸ்ஸோ நகருக்கு வந்தார். அந்நகர ஆயர் தியோடால்டு அவரைப் பேராலயப் பாடகருக்கு ஆசிரியராக வைத்துக் கொண்டார். செய்தி ரோமைக்கு எட்டியது. 1024 முதல் 1032 வரை திருத்தந்தையாக இருந்த பத்தொன்பதாம் யோவான் அவரை வரவழைத்தார். குயிதோ கொண்டுவந்த பாடல் ஏட்டைத் திருத்தந்தை அதிசயத்தைப் பார்ப்பதுபோலப் புரட்டிப் பார்த்து, தாம் ஒருபோதும் கேட்டிராத ஒரு சிறு பாடலைத் தாமே ஏட்டிலிருந்து பாடும்வரை இருந்த இடத்தைவிட்டு எழவில்லையாம். இதைக் குயிதோவே தம் பழைய நண்பரான மிக்கேல் என்ற துறவிக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். ரோமையின் கோடை வெப்பம் அவருடைய உடலுக்கு ஒத்துக் கொள்ளாமல் நோயுற்றுத் திரும்பினார் என்பதும் அதே கடிதத்தில் உள்ளது. பொம்போசா மடத்து அதிபரும் பின்னர் வருந்தித் திரும்பி வரும்படி அழைத்தார்.

அந்தக் கடிதத்தில்தான் நம் தம்பியின் கேள்விக்கு விடை இருக்கிறது. அக்காலத்தில் கீபோர்டு இல்லை. 'மோனோகார்டு' என்ற ஒற்றைத் தந்திக் கருவி இருந்தது. தெரியாத சுரம் வந்தால் அதை மீட்டிக் கேட்டுப் பின்பற்றுவார்கள். ஆரம்பத்தில் இருப்பவருக்கு அது நல்லது, ஆனால் மேலே போக விரும்புகிறவருக்கு அது கெடுதல் என்கிறார் குயிதோ. தந்தி கூட இல்லாதபோது அவன் என்ன செய்வான் என்பதே அவருடைய கவலை. மின்சாரம் நின்ற அன்று நமக்கு வந்த கவலையும் அதுவே.

அவர் காட்டிய வழி மிகவும் எளியது. திருமுழுக்கு யோவானின் திருநாளுக்குரிய ஒரு பழைய இலத்தீன் பாட்டை அவர் எடுத்தார். அதன் மெட்டில் ஒவ்வொரு சிறு அடியும் முந்தியதைவிட ஒரு படி மேலான சுரத்தில் தொடங்குகிறது. ஆறு அடிகளின் முதல் அசைகளே உத், ரே, மி, ஃபா, சோல், லா என்ற ஆறு பெயர்கள். மாணவன் இந்தப் பாட்டைத் தூக்கத்திலும் மறவாதபடி பாடம் செய்துகொள்ள வேண்டும். பிறகு புதிய பாட்டில் ஒரு சுரத்தைக் கண்டால், 'இது எந்த அடியின் தொடக்கம்?' என்று மனத்தில் அந்த அடியை எடுத்தால், சுரம் தானே நாவில் வந்து நிற்கும். இந்த முறையில் சில சிறுவர் மூன்றே நாளில் அறியாத பாட்டுகளைப் பாடினார்கள் என்கிறார். இதை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சிறுவர் நாள்தோறும் பல மணி நேரம் வழிபாட்டில் பாடியவர்கள். சுரங்கள் யாவும் அவர்கள் காதில் ஏற்கெனவே குடியிருந்தன. பெயர் மட்டுமே புதிது. வாரம் ஒரு மணி நேரம் பாடுகிற நமக்கு மூன்று நாள் போதாது.

பிற்காலத்தில் ஏழாவது சுரத்திற்கு 'சி' என்ற பெயர் சேர்ந்தது. பாடுவதற்கு வாய் திறக்காத 'உத்' என்பது பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலியில் 'டோ' ஆயிற்று.

மணலியில் கேட்ட பாண்டு வாத்தியம்

நம் நாட்டினருக்கு ஏழு சுரப் பெயர்கள் புதியன அல்ல. ச ரி க ம ப த நி என்பது குயிதோவுக்கு மிகப் பழமையானது. இரண்டு முறைகளும் சந்தித்த ஓர் இடம் நமக்கு மிக அருகிலேயே இருக்கிறது. கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே, இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையால் பெயர் பெற்ற மணலியே அது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் ஆதரவில் இராமசுவாமி தீட்சிதரின் குடும்பம் அங்கே வாழ்ந்தது. அவருடைய மகன் முத்துசுவாமி தீட்சிதர் சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதப் பாடல் அமைத்தார். அவற்றை 'நோட்டு சுரம்' என்பார்கள். அவை சங்கராபரண ராகத்தில் அமைந்தவை. காரணம் தெளிவு: மேல்நாட்டாரின் டோ ரே மீ என்ற பெரிய சுரவரிசையும் நம் சங்கராபரணமும் ஒரே படிகளைக் கொண்டவை.

இங்கே நம் பாடற்குழுவில் அடிக்கடி நேரும் ஒரு தடுமாற்றத்தைச் சொல்ல வேண்டும். சிறு வயதில் பாட்டு வாத்தியாரிடம் சரளி வரிசை பழகியவர்கள், 'ச ரி க ம' என்றால் உடனே மாயாமாளவகௌளையைப் பாடுவார்கள். அதில் ரி-யும் த-வும் தாழ்ந்தவை. அப்படிப் பாடினால் டோ-வுக்கு அடுத்த ரே கீழே அமுங்கிப் போகும். பாட்டு முழுவதும் வேறு ஊர்ப் பாட்டுபோல் ஒலிக்கும். ஆகவே அவர்கள் முதலில் சங்கராபரணத்தின் ஆரோகணத்தையும் அவரோகணத்தையும் அசைவில்லாமல் நேராகப் பாடிப் பழக வேண்டும்.

பாடத் தெரியாத போதகர்

மூன்றாவது படி இங்கிலாந்தில் நிகழ்ந்தது. நார்விச் நகரில் சாரா குளோவர் என்ற அம்மையார் ஏழைப் பிள்ளைகளுக்குச் சுரப் பெயர்களின் முதலெழுத்தை மட்டும் எழுதிப் பாடக் கற்றுக் கொடுத்து, 1835இல் தம் முறையை நூலாக வெளியிட்டார். 1841இல் ஹல் நகரில் கூடிய ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், பாடக் கற்பிக்க எளிய வழி ஒன்றைக் கண்டறியும்படி ஜான் கர்வன் என்ற இளம் போதகரிடம் கேட்டுக் கொண்டார்கள். அவருக்கோ அப்போது நோட்டைப் பார்த்துப் பாடத் தெரியாது! குளோவர் அம்மையாரின் முறையைத் தாமே கற்று, திருத்தி, 'டோனிக் சோல்ஃபா' என்ற பெயரில் பரப்பினார். சோ, சி இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் எழுதும்போது குழப்பம் வரும் என்று 'சி'யை 'டீ' ஆக்கினார்கள். ஒவ்வொரு சுரத்திற்கும் ஒரு கை அடையாளமும் சேர்த்தார் கர்வன். மிஷனரிகள் வழியாக அது கடல் கடந்தது. தமிழ்நாட்டில் சீர்திருத்தத் திருச்சபைகளின் பாடற்குழுக்கள் இதைக் கொண்டே நான்கு குரலில் பாடிப் பழகின.

இம்முறையின் உயிர்நாடி ஒன்றே: டோ ஓரிடத்தில் கட்டப்பட்டதன்று. பாட்டின் ஆதார சுருதி எதுவோ அதுவே டோ. நம் சட்ஜமும் அப்படித்தானே? பாடகர் எந்தச் சுருதியில் ச வைக்கிறாரோ அங்கிருந்து மற்றவை அளக்கப்படும். கிரகோரியன் ஏட்டிலும் டோ அடையாளம் கோட்டுக்குக் கோடு இடம் மாறும். எனவே இந்த அறிவு நம் காதில் பாதி இருக்கிறது. கண்ணுக்குத்தான் பழக்கம் வேண்டும்.

தம்பியும் நான்கு சீர்களும்

அந்தத் தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்த முதற் பாடத்தையே இங்கே தருகிறேன். ஒரு ஷார்ப் குறியுள்ள தாளில், சீருக்கு நான்கு தாளமாக, இந்த நான்கு சீர்கள்:

டோ டோ ரே மீ | சோ – மீ – | ஃபா மீ ரே டீ (கீழ்) | டோ – – –

முதல் வேலை, தாளில் டோ எங்கே இருக்கிறது என்று காண்பது. ஷார்ப் குறிகள் இருந்தால் வலப்புறக் கடைசி ஷார்ப் எப்போதும் டீ. அதற்கு அடுத்த மேற்படி டோ. ஃப்ளாட் குறிகள் இருந்தால் கடைசி ஃப்ளாட் எப்போதும் ஃபா. அதிலிருந்து ஃபா, மீ, ரே, டோ என்று கீழே எண்ணி வரலாம். நம் தாளில் ஒரே ஷார்ப், மேல் கோட்டில் இருக்கிறது. அது டீ என்றால், எட்டுச் சுரம் கீழே அதே பெயருடைய முதல் இடைவெளியும் டீ. இரண்டாம் கோடு டோ. டோ கோட்டில் இருந்தால் மீ அடுத்த கோட்டில், சோ அதற்கடுத்த கோட்டில். டோ இடைவெளியில் இருந்தால் மூன்றும் இடைவெளிகளில். இந்த ஒரு விதி தெரிந்தால் பாதிச் சுரங்களை எண்ணாமலே பெயர் சொல்லலாம்.

இரண்டாவது வேலை, ஒரே ஒருமுறை கீபோர்டில் டோ-வைக் கேட்டுவிட்டு அதை மூடிவிடுவது. பின்பு டோ மீ சோ மீ டோ என்றும், டோ டீ டோ என்றும் பாடிக் காதில் வீடு கட்டிக்கொள்ள வேண்டும். தம்பி இதைச் செய்யாமல் நேரே பாட்டுக்குப் போன நாள்களில் எல்லாம் இரண்டாம் சீரிலேயே தடம் புரண்டார்.

மூன்றாவது வேலை, சுரத்தை மறந்து காலத்தை மட்டும் கையால் தட்டி வாசிப்பது. இரண்டாம் சீரில் சோ இரண்டு தட்டு, மீ இரண்டு தட்டு. சுரம் தவறியதாக நாம் நினைப்பதில் ஒரு பகுதி உண்மையில் காலத் தவறு. அடுத்த சுரத்தைத் தேடும் கவலையில் நீட்ட வேண்டியதை நீட்டாமல் ஓடிவிடுகிறோம்.

நான்காவதாகத் தாளமில்லாமல் பெயர் சொல்லி மெதுவாகப் பாடுவது. இங்கேதான் தம்பிக்கு இரண்டு இடத்தில் முள் குத்தியது. முதலாவது ஃபா. அதை அவர் உயர்த்திப் பாடினார். மீ-க்கும் ஃபா-வுக்கும் இடையே அரைப்படிதான் உண்டு. குயிதோ செய்தபடியே, தெரிந்த பாட்டொன்றைத் துணைக்கு அழைத்தோம். நம் தேசிய கீதம் பள்ளியில் படித்த எல்லாருக்கும் பாடம். அதன் தொடக்கம் டோ ரே மீ. பிறகு மீ-யிலேயே பலமுறை நின்று, முதல் அடி முடியும்போது மீ-யிலிருந்து ஃபா-வுக்குச் சற்றே எழும்புகிறது. அந்தச் சிறு எழுச்சியை மனத்தில் பாடிப் பார்த்த உடனே ஃபா தன் இடத்தில் வந்து அமர்ந்தது.

இரண்டாவது முள், மூன்றாம் சீரின் கடைசியில் ரே-யிலிருந்து கீழ் டீ-க்குத் தாவுவது. அவர் சில நாள் டோ-விலேயே நின்றுவிடுவார். சில நாள் லா வரை விழுந்துவிடுவார். இதற்கு மருந்து, இடையில் இருக்கும் டோ-வை முதலில் வாய்விட்டுப் பாடுவது: ரே, டோ, டீ, டோ. சில முறை பாடியபின் நடு டோ-வை மனத்தில் மட்டும் நினைத்து, வாயில் ரே, டீ, டோ. தெரியாத தாவலை எல்லாம் தெரிந்த படிகளால் நிரப்பி, பின்பு அந்தப் படிகளை எடுத்துவிட வேண்டும். ஆற்றில் பாலம் கட்டுகிறவர்கள் சாரம் கட்டிப் பிறகு பிரிப்பதுபோல.

ஐந்தாவதாகச் சுரமும் தாளமும் சேர்த்து, நிற்காமல் பாடுவது. தவறினாலும் திரும்பக் கூடாது. கடைசி டோ வரை போக வேண்டும். அப்போதுதான் கீபோர்டைத் திறந்து அந்த டோ-வைச் சோதிப்பது. முதல் டோ-வும் கடைசி டோ-வும் ஒன்றாக இருந்தால் பாடம் தேறிற்று. தாழ்ந்திருந்தால் வழியில் எங்கோ ஒரு படி சறுக்கியிருக்கிறது. பெரும்பாலும் அது டீ-யாக இருக்கும். டோ-வை ஒட்டி உயரே நிற்க வேண்டிய அது சோர்ந்து கீழே தொங்கும். ஒவ்வொரு சீரின் முடிவிலும் நிறுத்தி டோ-வைத் திரும்பப் பாடிப் பார்த்தால் எந்தச் சீரில் சறுக்கல் என்று கண்டுபிடிக்கலாம். இவை எல்லாம் முடிந்தபிறகே பாட்டின் வார்த்தைகள். வார்த்தையோடு தொடங்கினால் காது பழைய வழக்கப்படி யாராவது பாடிக் காட்டட்டும் என்று காத்திருக்கும்.

ஷிப்ட் மாறினாலும் நாளுக்குப் பத்து நிமிடம் அவர் விடவில்லை. முதலில் டோ ரே மீ மூன்றிலேயே பல நாள், பிறகு சோ, பிறகு லா, ஃபா-வும் டீ-யும் கடைசியில். சில மாதம் கழித்து ஒரு நாள், பயிற்சிக்கு வராத வாரத்துப் பதிலுரைப் பாடலைத் தாளைப் பார்த்துத் தாமே பாடினார். மெதுவாகத்தான் பாடினார், ஆனால் ஒருவரையும் கேட்காமல் பாடினார்.

இந்த முறையின் எல்லை

இதனால் எல்லாம் ஆகும் என்று நான் சொல்லமாட்டேன். சோகமான மெட்டுகள் பல லா-வில் தொடங்கி லா-வில் முடியும். கர்நாடக முறையில் பழகியவர் அந்த லா-வையே ச என்று வைத்துக் கொள்வார். இரண்டும் தவறல்ல, ஆனால் ஒரே குழுவில் இருவிதமாக எண்ணினால் ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காது. எனவே நம் குழுவில் லா என்றே வைத்துக் கொண்டோம்.

அதைவிடப் பெரிய எல்லை கமகம். நம் கீர்த்தனைகளில் சுரம் அசைந்து குழைந்து வரும். டோ ரே மீ அசையாத படிகளை மட்டுமே சொல்லும். சென்னையில் வாழ்ந்த ஏ. எம். சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவர் தியாகராஜரின் கீர்த்தனைகளை மேல்நாட்டு நோட்டில் எழுதி 1893இல் வெளியிட்டார். அரிய தொண்டு. ஆயினும் கமகத்தைக் காட்டத் தனிக் குறிகள் வேண்டும் என்பதை உணர்ந்து, சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட தம் பெருநூலில் அவற்றை அமைத்தார். அந்தக் குறிகளும் குருவின் வாயால் கேட்டவனுக்கே முழுமையாகப் பேசும். ஆகவே மெட்டின் எலும்புக்கூட்டைத் தாளிலிருந்தும், அதன் சதையை மூத்த பாடகர் வாயிலிருந்தும் கற்பதே நம் குழுவின் ஏற்பாடு.

சென்ற ஆண்டு பெரிய வெள்ளிக்கிழமை மின்சாரம் நிற்கவில்லை. ஆனாலும் கீபோர்டை மூடியே வைத்தோம். அந்தத் தம்பி தாளைப் பார்த்தார். மெல்லிய குரலில் தமக்குள் டோ மீ சோ மீ டோ என்றார். பிறகு பாட்டை எடுத்தார். சுருதி பெண்களுக்கும் ஆண்களுக்கும் பொருந்தி வந்தது. நான் பீடத்தருகே நின்று கேட்டுக் கொண்டிருந்தேன். எடுத்துக் கொடுக்கும்படி என்னை ஒருவரும் கேட்கவில்லை.

இறையன்பில்,
உங்கள் பங்குக் குரு